மை புகாத வட்டங்கள்: மூளைத் தண்டுவட நீரில் கிரிப்டோகாக்கஸை இனங்காணுதல்

கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்பது மூளையுறையில் அழற்சியை உண்டாக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நோயாளியின் கீழ்முதுகில் ஊசி செலுத்தி எடுத்த மூளைத் தண்டுவட நீரில் ஒரு துளியை இந்தியா இங்க் எனும் கறுப்பு மையோடு கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், இருண்ட பின்புலத்தில் வெண்ணிற வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் உருண்டையான செல் ஒன்று இருக்கும். சில செல்களின் ஓரத்தில் சிறு மொட்டு ஒட்டியிருக்கும். மருத்துவ மாணவர்களுக்கான பாடநூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் இடம்பெறும் இந்தப் படம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லக்கூடியது போலத் தோன்றும். ஆனால் மை விலகி வெண்மை தெரிவதற்குப் பூஞ்சையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. வட்டத்தின் விளிம்பு, செல்லின் சுவர், மொட்டு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து சாட்சி சொல்லும்போதுதான் அந்தப் படத்தை நம்பலாம்.

வட்டம் எங்கிருந்து வருகிறது

கிரிப்டோகாக்கஸின் செல்சுவருக்கு வெளியே தடித்த உறை ஒன்று உண்டு. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன இந்த உறையில் பெரும்பகுதி தண்ணீர்தான். நீரில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ் திரண்டு நிற்பதைப் போல, இந்த உறையும் செல்லைச் சுற்றித் திரண்டிருக்கிறது. நீர் நிறைந்திருப்பதால் ஒளி அதன் வழியே ஏறத்தாழ விலகாமல் கடந்துவிடும். ஆகவே தண்டுவட நீரை அப்படியே நுண்ணோக்கியில் பார்த்தால் செல் தெரியும், உறை தெரியாது. வழக்கமான சாயங்களும் இந்த உறையில் சரியாகப் பிடிப்பதில்லை.

மை இந்தச் சிக்கலை எதிர்த்திசையிலிருந்து தீர்க்கிறது. இந்தியா இங்க் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய கரித்துகள்களின் கலவை. அந்தத் துகள்கள் நீரில் எங்கும் பரவும். உறையின் சர்க்கரை வலைக்குள் மட்டும் நுழைய முடியாது. சுற்றிலும் கறுப்பாகி, உறை இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாக நிற்கிறது. பூஞ்சையின் எந்தப் பகுதியிலும் மை ஏறுவதில்லை. பின்புலம் கறுப்பதால் உறையின் எல்லை வெளிப்படுகிறது. இதனால்தான் நுண்ணுயிரியலில் இதை எதிர்மறைச் சாயமுறை என்கிறார்கள். இந்தியா இங்க் கிடைக்காத ஆய்வகங்களில் நைக்ரோசின் என்ற கறுப்புச் சாயமும் இதே வேலையைச் செய்கிறது.

இந்த உறைதான் பூஞ்சையின் பாதுகாப்புக் கவசமும்கூட. மனித உடலின் விழுங்கணுக்கள் கிருமியைப் பற்றி உட்கொள்வதை அது தடுக்கிறது. பூஞ்சை மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்கிறது. புறா எச்சத்தில் அது இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் செஸ்டர் எம்மன்ஸ் 1955இல் எடுத்துக்காட்டினார். காற்றில் கலக்கும் அதன் நுண்துகள்கள் மூச்சின் வழியே நுரையீரலை அடைகின்றன. எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ளவர்களிடம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுகின்றன. எச்ஐவி தொற்று முற்றியவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள் போன்றோரிடம் இரத்தத்தில் கலந்து மூளையுறையை அடைகின்றன.

ஸ்லைடு தயாராகும் விதம்

படத்தின் தரம் ஸ்லைடைத் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தண்டுவட நீரில் பூஞ்சை செல்கள் குறைவாகவே இருக்கலாம் என்பதால், கிடைத்த நீரை முதலில் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழற்றுகிறார்கள். மேலே தெளிந்த நீரை வேறு பரிசோதனைகளுக்கு எடுத்துக்கொண்டு, அடியில் தங்கிய வண்டலிலிருந்து ஒரு துளியை ஸ்லைடில் வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் சிறு துளி மை வைத்து, இரண்டையும் கலந்து, குமிழி சேராதபடி கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடுகிறார்கள்.

மையின் அளவு இங்கே முக்கியம். மூடிய ஸ்லைடை அச்சிட்ட தாளின் மேல் வைத்தால் அடியில் உள்ள எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும் என்பது ஆய்வகத்தார் கைக்கொள்ளும் எளிய சோதனை. மை அதிகமானால் வெளிச்சம் ஊடுருவாது; செல்லின் உள்ளமைப்பு மறைந்து கறுப்புத் திட்டுகளே மிஞ்சும். மை குறைந்தால் பின்புலம் வெளிறிப்போய், உறைக்கும் நீருக்கும் வேறுபாடு தெரியாது. நல்ல படத்தில் பின்புலம் கறுப்பும் பழுப்பும் கலந்த நிறத்தில் சீராக இருக்கும். உற்றுப் பார்த்தால் மைத்துகள்கள் தனித்தனியாகவும் தெரியும்.

முதலில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் துழாவி வெளிச்சப் புள்ளிகளைத் தேடுகிறார்கள். சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். படம் எடுப்பதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். மைப்புட்டி நாளடைவில் மாசுபட்டு, அதிலேயே ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ வளர்ந்துவிடுவதுண்டு. அதனால் நோயாளியின் நீர் சேர்க்காத வெறும் மைத்துளி ஒன்றையும் தனியே பார்த்துவிடுவது நல்ல ஆய்வகத்தின் வழக்கம்.

படத்தை எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது அளவு. கிரிப்டோகாக்கஸ் செல்லின் விட்டம் பொதுவாக 4 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். ஒரே படத்தில் சிறியதும் பெரியதுமாகக் கலந்து கிடப்பது அதன் இயல்பு. படத்தின் மூலையில் அளவுகோடு இருந்தால் அதோடு ஒப்பிடலாம். இல்லையென்றால் அதே படத்தில் உள்ள சிவப்பணு துணை செய்யும். அதன் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான்.

அடுத்தது செல்சுவர். கிரிப்டோகாக்கஸ் செல்லின் சுவர் தெளிவான, ஒளி தெறிக்கும் கோடாகத் தெரியும். நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்றே மாற்றும்போது அது இரட்டைக் கோடுபோல் மாறும். செல்லுக்குள் பளபளப்பான சிறு துகள்கள் காணப்படலாம். மனித வெள்ளையணுவுக்கு இத்தகைய விறைப்பான சுவர் கிடையாது. அதன் வெளிக்கோடு மெலிந்தும் மங்கியும் இருக்கும்.

மூன்றாவது வட்டத்தின் விளிம்பு. உண்மையான உறையின் வெளி எல்லை வரைந்தது போல் கூர்மையாக இருக்கும். செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் வெண்மை நிற்கும். அந்த அகலம் செல்லுக்குச் செல் வேறுபடும். சிலவற்றில் செல்லின் விட்டத்துக்குச் சமமாகவும் அதற்கு மேலாகவும் இருக்கும், சிலவற்றில் மெல்லிய வளையமாகச் சுருங்கியிருக்கும். உறை மெலிந்த வகைகளும் நோயை உண்டாக்கும் என்பதால், வட்டம் குறுகலாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு செல்லை ஒதுக்கிவிடக் கூடாது.

நான்காவது மொட்டு. இந்தப் பூஞ்சை தாய்ச் செல்லின் ஓரத்தில் சிறு மொட்டு அரும்பி, அது வளர்ந்து பிரிவதன் மூலம் பெருகுகிறது. தாயும் மொட்டும் இணையும் கழுத்து மிகக் குறுகலாக இருக்கும். மொட்டு தொடக்கத்தில் தாயின் உறைக்குள்ளேயே இருப்பதால் இரண்டையும் ஒரே வெள்ளை வட்டம் சூழ்ந்திருக்கும். மொட்டு பெரிதானதும் வட்டத்தின் வெளிக்கோடு அந்தப் பக்கம் உப்பி, நடுவில் இடுங்கிய வடிவம் பெறும். ஒரு படத்தில் எல்லாச் செல்களும் மொட்டுவிட்டிருக்க வேண்டியதில்லை. ஐயமில்லாத ஒன்றிரண்டு கிடைத்தாலும் போதும். மனித அணுக்கள் எவையும் இவ்வாறு பெருகுவதில்லை என்பதால், நான்கு அடையாளங்களில் மிகுந்த வலுவுள்ளது இதுதான்.

ஏமாற்றும் தோற்றங்கள்

அதிகம் குழப்புவது நிணநீரணு எனப்படும் லிம்ஃபோசைட். மூளையுறை அழற்சியில் இந்த வெள்ளையணுக்கள் தண்டுவட நீரில் கூடுதலாக இருக்கும். அளவிலும் பூஞ்சை செல்லை ஒத்திருக்கும். மைத்துகள்கள் அதன் மேற்பரப்பிலிருந்து சற்று விலகி நிற்கும்போது சுற்றிலும் வெண்மை உண்டாகும். ஆனால் அந்த வெண்மை குறுகலாகவும் விளிம்பு கலைந்தும் இருக்கும். மைத்துகள்கள் படிப்படியாக அடர்ந்துகொண்டே போகும், எல்லை எங்கே என்று சுட்ட முடியாது. உள்ளே உட்கரு செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் குழப்பம் இன்னொரு மேசையிலும் நிகழ்கிறது. தண்டுவட நீரில் எத்தனை வெள்ளையணுக்கள் உள்ளன என்று எண்ணும் கட்டக் கண்ணாடியில் மை சேர்ப்பதில்லை. உறை கண்ணுக்குத் தெரியாத நிலையில் பூஞ்சை செல்கள் நிணநீரணுக்களாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். அறிக்கையில் நிணநீரணு எண்ணிக்கை கூடியிருக்கும். பூஞ்சை பற்றி ஒரு சொல்லும் இருக்காது. எண்ணும்போதே அளவில் மாறுபட்ட, ஒளி தெறிக்கும் உருண்டைகள் கண்ணில் பட்டால் உடனே மை ஸ்லைடு போட வேண்டும். ஐயம் தீராதபோது வண்டலில் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. மனித அணுக்கள் அதில் கரைந்துபோகும். சுவர் கொண்ட பூஞ்சை செல்கள் நிலைக்கும்.

காற்றுக்குமிழியைப் பிரித்தறிவது எளிது. அதன் ஓரத்தில் தடித்த கறுப்பு வளையம் இருக்கும்; உள்ளே செல் எதுவும் இருக்காது. கையுறைப் பொடியிலிருந்து விழும் மாவுத்துகள்கள் கோணல் வடிவில் கிடக்கும். அவற்றுக்கு உறையும் இல்லை, மொட்டும் இல்லை. கேண்டிடா என்ற வேறொரு ஈஸ்ட் மொட்டுவிடும். ஆனால் அதைச் சுற்றி உறை வட்டம் இருக்காது, பல சமயம் செல்கள் சங்கிலியாக நீண்டு கிடக்கும்.

ஒரு படம், ஐந்து வட்டங்கள்

விளக்கத்துக்காக அமைத்த நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு வயது 35. எச்ஐவி தொற்று உள்ளது, சிகிச்சை எடுக்கவில்லை. எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 40 மட்டுமே. இரண்டு வாரமாகத் தலைவலி, இடையிடையே வாந்தி, கடைசி இரு நாட்களாகப் பார்வையில் இரட்டைத் தோற்றம். காய்ச்சல் லேசானது, கழுத்து விறைப்பு பெரிதாக இல்லை. முதுகில் ஊசி செலுத்தியபோது நீரின் அழுத்தம் 34 சென்டிமீட்டர். நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு கன மில்லிமீட்டருக்கு 12 செல்கள், அனைத்தும் நிணநீரணுக்கள் என்று முதல் அறிக்கை சொல்கிறது. சர்க்கரை சற்றுக் குறைவு, புரதம் சற்று அதிகம்.

மை ஸ்லைடிலிருந்து எடுத்த படத்தில் ஐந்து வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. முதலாவது எல்லாவற்றிலும் பெரியது, 40 மைக்ரான் இருக்கும். சுற்றிலும் கறுத்த தடித்த வளையம், உள்ளே வெறுமை. அது காற்றுக்குமிழி. இரண்டாவதன் நடுவே 8 மைக்ரான் செல் உள்ளது. சுற்றியுள்ள வெண்மை மெலிந்து ஓரம் கலைந்திருக்கிறது, உள்ளே உட்கரு நிறைந்திருக்கிறது. அது நிணநீரணு.

மூன்றாவதில் 6 மைக்ரான் செல், அழுத்தமான சுவர், உள்ளே பளபளக்கும் ஒரு புள்ளி. சுற்றிலும் 5 மைக்ரான் அகலத்துக்குச் சீரான வெண்மை. அதன் எல்லை கூர்மை. இது பூஞ்சையாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு, எனினும் மொட்டு இல்லை. நான்காவது சிறியது, 4 மைக்ரான், வட்டமும் குறுகல். தனியாகப் பார்த்தால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்தாவதில் 7 மைக்ரான் செல்லின் ஓரத்தில் 3 மைக்ரான் மொட்டு குறுகிய கழுத்தால் இணைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வெண்மை சூழ்ந்து, மொட்டின் பக்கம் உப்பியிருக்கிறது. இந்த ஐந்தாவதுதான் கேள்வியை முடித்துவைக்கிறது. அது உறுதியானதும் மூன்றாவதும் நான்காவதும் அதே இனத்தின் வெவ்வேறு பருவங்கள் எனப் பொருள்படுகின்றன.

அறிக்கையில் எழுத வேண்டியது இதுவே: உறையுடைய, மொட்டுவிடும் ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன, கிரிப்டோகாக்கஸுக்கு ஒத்த தோற்றம். எழுதுவதோடு நிற்காமல் ஆய்வகத்தார் உடனே வார்டுக்கும் தொலைபேசியில் தெரிவிக்கிறார்கள். முதல் அறிக்கையில் சொன்ன 12 செல்களில் எத்தனை உண்மையில் நிணநீரணுக்கள் என்பதையும் மீண்டும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களிடம் தண்டுவட நீரின் செல் எண்ணிக்கையும் புரதமும் சர்க்கரையும் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால் மற்ற அளவுகள் பெரிதாக மாறவில்லை என்பதைக் காரணம் காட்டி மை ஸ்லைடைத் தவிர்ப்பது ஆபத்து.

34 சென்டிமீட்டர் அழுத்தத்துக்கும் படத்தில் கண்ட உறைக்கும் தொடர்பு உண்டு. செல்களிலிருந்து உதிரும் உறைப்பொருளும் பூஞ்சை செல்களும் தண்டுவட நீர் இரத்தத்துக்குள் வடியும் வழிகளை அடைக்கின்றன. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி, தலைவலியும் இரட்டைப் பார்வையும் உண்டாகின்றன. அழுத்தம் 25 சென்டிமீட்டரைத் தாண்டும்போது, பூஞ்சைக்கொல்லி மருந்துகளோடு, முதுகின் வழியே நீரை வடித்து அழுத்தத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் பகுதி. தேவைப்பட்டால் நாள்தோறும் வடிக்கிறார்கள்.

படம் சொல்லாதவை

மை ஸ்லைடில் பூஞ்சை தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எச்ஐவி தொற்றுள்ளவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களில் 86 விழுக்காட்டினரை மை ஸ்லைடு காட்டிக்கொடுத்தது. ஒரு மில்லிலிட்டர் நீரில் வளரக்கூடிய பூஞ்சை செல்கள் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்தவர்களிடம் அந்த விகிதம் 42 விழுக்காடாக வீழ்ந்தது. செல்கள் அரிதாக இருக்கும்போது, ஸ்லைடில் வைத்த ஒரு துளியில் ஒன்றுகூட வராமல் போகலாம் என்பதே காரணம். எச்ஐவி இல்லாத நோயாளிகளிடம் பூஞ்சையின் அளவு பொதுவாகக் குறைவு என்பதால் அவர்களிடம் மை ஸ்லைடு இன்னும் அடிக்கடி தவறிவிடுகிறது.

இந்தக் குறையை ஈடுகட்டுவது ஆன்டிஜன் பரிசோதனை. உறையிலிருந்து உதிர்ந்து நீரில் கரைந்திருக்கும் சர்க்கரைப் பொருளை அது கண்டுபிடிக்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் வடிவிலேயே வரும் பட்டையை நீரில் நனைத்தால் சுமார் 10 நிமிடத்தில் கோடு தெரியும். மேற்சொன்ன ஆய்வில் அது 99 விழுக்காட்டுக்கு மேல் நோயைக் கண்டறிந்தது. நுண்ணோக்கியில் ஒரு செல்லும் அகப்படாத நீரிலும் உறைப்பொருள் கரைந்திருக்க முடியும் என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை. ஆகவே பட்டை கிடைக்கும் இடங்களில் மை ஸ்லைடை மட்டும் நம்பி நோயை விலக்குவதில்லை. கிடைக்காத இடங்களில் மை ஸ்லைடு இன்றும் முதல் ஆதாரமாக நிற்கிறது.

படத்தைப் பார்த்து இனத்தைப் பிரிக்கவும் முடியாது. யூகலிப்டஸ் மரங்களோடு தொடர்புடைய கிரிப்டோகாக்கஸ் காட்டியும் மையில் அச்சாக இதே தோற்றம் தரும். அதைப் பிரித்தறியப் பூஞ்சையை வளர்த்துப் பார்க்க வேண்டும். சபுரோ ஊடகத்தில் வண்டலைத் தேய்த்து வைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வழுவழுப்பான வெளிர்நிறத் திரள்கள் தோன்றும். பேய் எள் சேர்த்த ஊடகத்தில் அவை பழுப்பு நிறமாகும். கனவானின், கிளைசின், புரோமோதைமால் நீலம் ஆகியவை சேர்த்த ஊடகம் நீலமாக மாறினால் அது காட்டி இனம்.

செல் உயிரோடு இருக்கிறதா என்பதையும் மை காட்டாது. பூஞ்சை இறந்த பின்னும் உறை உடனே கரைந்துவிடுவதில்லை. சிகிச்சை நன்றாகப் பலிக்கும் நோயாளியின் நீரிலும் வாரக்கணக்கில் வெள்ளை வட்டங்கள் தென்படலாம். அதைக் கண்டு மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு செய்வது தவறு. ஆன்டிஜன் பட்டைக்கும் இதே குறை உண்டு. இறந்த செல்களின் உறைப்பொருளும் அதில் கோட்டைத் தோற்றுவிக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, நோயாளியின் உடல்நிலையையும் தண்டுவட நீரின் வளர்ப்புச் சோதனையையும் பார்க்கிறார்கள். அந்த நீரிலிருந்து ஊடகத்தில் எதுவும் வளராத நிலையை அடைவதுதான் பூஞ்சை கட்டுப்பட்டது என்பதற்கான அளவுகோல்.